பதினொரு புளிப்புக் கொட்டைகள்

என் அண்ணியை ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் அவளுக்கு அது ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி. வீட்டில் அண்ணன் எதையாவது தேடிக்கொண்டு நின்றால், "என்கிட்ட கேக்கக் கூடாதா? நான் யாரு?" என்பாள். அதற்கு மேல் தன்னைப் பற்றிப் பெருமையாக அவள் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அதனால்தான் நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல மனசு வருமோ வராதோ.

அவள் வேலை காபிக் கொட்டை பொறுக்குவது. தோலும் உமியும் போன பச்சைக் கொட்டை மூட்டை மூட்டையாக வரும். பெரிய சல்லடையில் சலித்து, காற்றில் தூற்றி, அளவு பிரித்து, கடைசியாக எங்கள் கூடத்துக்கு வந்து சேரும். நீளமான கூடம். வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். வெயில் நேராக விழாத, மாறாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு மேசை. மேசைக்கு இரண்டு பேர், எதிரும் புதிருமாக. சாம்பல் நிற விரிப்பு போட்டிருக்கும். நாலாம் நம்பர் மேசை ஜன்னலை ஒட்டியது, இருப்பதிலேயே நல்ல இடம். பத்தொன்பது வருஷம் அந்த இடத்தில் அண்ணிதான் உட்கார்ந்திருந்தாள்.

எதிர் நாற்காலிக்கு நான் வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். புருஷன் வீடு ஒத்துவராமல் ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அண்ணன் பஸ் பட்டறையில் மெக்கானிக். கையில் கிரீஸோடு வந்து பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி கை கழுவப் போய்விட்டான். அண்ணிதான் பையை வாங்கி உள்ளே வைத்தாள். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், "கிளம்பு, வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தா பைத்தியம் பிடிக்கும்" என்று சொல்லி என்னை ஆலைக்குக் கூட்டிப் போனாள். எதிரில் உட்கார்ந்திருந்தவள் அந்த மாதம்தான் வேலையை விட்டிருந்தாள். அந்த இடத்தை எனக்காகக் கேட்டு வாங்கினாள். இது நல்லது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டை பொறுக்குவது என்றால் கல்லும் குச்சியும் எடுப்பது என்றுதான் நானும் நினைத்தேன். கல்லால் பல்தான் உடையும், காபி கெடாது. காபியைக் கெடுப்பவை வேறே. ஒன்று கருப்பு. பழம் மரத்திலேயே காய்ந்து செத்திருக்கும், அல்லது உதிர்ந்து ஈர மண்ணில் நாள் கணக்கில் கிடந்திருக்கும். உள்ளே கொட்டை கரிக்கட்டை மாதிரி ஆகியிருக்கும். இதைக் குருடன்கூடத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவான் என்று எங்கள் கூடத்தில் சொல்வோம், அவ்வளவு சுலபம். இரண்டாவது பூச்சி ஓட்டை. காய்த்துளைப்பான் என்று ஒரு வண்டு, எள்ளைவிடச் சின்னது. காயிலேயே துளை போட்டு உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும். கொட்டையில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை இருக்கும். அது அடிப்பக்கம் இருந்தால் மேலே பார்க்கும்போது தெரியாது. தட்டைக் குலுக்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டை வழியாக ஈரம் போகும், பூஞ்சை போகும். அந்தக் காபியில் பழைய கோணிச் சாக்கை நனைத்துப் பிழிந்த மாதிரி ஒரு வாடை வரும்.

மூன்றாவதுதான் புளிப்பு. பறித்த பழத்தைக் குவியலாகப் போட்டு ஒரு நாள் தாமதம் பண்ணினால் போதும், தொட்டியில் ஊற வைத்ததை நேரத்துக்குக் கழுவாமல் விட்டால் போதும், அழுக்குத் தண்ணீரில் கழுவினால் போதும். கொட்டை உள்ளே புளித்து, முளைக்கும் உயிர் செத்துப்போகும். ஆனால் வெளியே முகம் காட்டாது. நல்ல கொட்டை நீலம் கலந்த பச்சையாக இருக்கும்; புளித்தது லேசாக மஞ்சள் பூத்து, பழுப்போ சிவப்போ தட்டி இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். சந்தேகம் வந்தால் நகத்தால் கீறி மோந்து பார்க்க வேண்டும். காடி வாடை அடிக்கும்.

எங்கள் ஆலையில் ஒரு முறை உண்டு. ஒரே ஆள் மூன்றையும் தேடக் கூடாது. கருப்பைத் தேடுகிற கண் கருப்பையே தேடும், மஞ்சளை விட்டுவிடும். அதனால் மேசைக்கு இரண்டு கை. முதல் கை புளிப்பு பார்த்துவிட்டுத் தட்டை எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டாவது கை கருப்பும் ஓட்டையும் பார்த்துவிட்டுப் பெட்டியில் கொட்டும். முதல் கைக்குத்தான் மரியாதை. எங்கள் மேசையில் அண்ணி முதல் கை, நான் இரண்டாவது.

நான் வந்த புதிதில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. "ஆயிரம் கொட்டையில ஒரு கொட்டை மஞ்சளா இருந்தா என்ன அண்ணி, குடியா முழுகிடும்?" என்று கேட்டேன். அது ருசி பார்க்கிறவர் காதில் விழுந்துவிட்டது.

ருசி பார்க்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சர்ருபுர்ரு. கரண்டியில் காபியை எடுத்து அவர் உறிஞ்சுகிற சத்தம் இரண்டு அறை தள்ளிக் கேட்கும். வாய் முழுக்கத் தெறித்து மூக்கு வரை ஏற வேண்டுமாம், அதற்காகத்தான் அந்தச் சத்தமாம். ஒவ்வொரு சரக்கிலும் கைப்பிடி சாம்பிள் எடுத்து லேசாக வறுத்து, ஐந்து கோப்பை வைப்பார். ஒவ்வொரு கோப்பைக்கும் கொட்டையைத் தனித்தனியாக நிறுத்து, தனித்தனியாக அரைப்பார். மொத்தமாக அரைத்தால் வேலை மிச்சமாகுமே என்று நான் கேட்டதற்குத்தான் அன்று பதில் கிடைத்தது. என்னையும் அண்ணியையும் அறைக்குக் கூப்பிட்டு ஐந்து கோப்பையையும் காட்டினார்.

"வரிசையா குடிச்சுக்கிட்டு வாம்மா" என்றார்.

முதல் கோப்பை நன்றாக இருந்தது. இரண்டாவதும் அதே. மூன்றாவது வாயில் பட்டதும் துப்பிவிட்டேன். கெட்டுப்போன ஊறுகாய்த் தண்ணீர் மாதிரி நாக்கின் ஓரம் இரண்டையும் பிடித்து இழுத்தது. நாலும் ஐந்தும் மறுபடி நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அதற்குள் என் வாய் செத்துப்போயிருந்தது.

"மூணாவதுல ஒரே ஒரு புளிப்புக் கொட்டை நானே போட்டேன்" என்றார். "ஒரு கோப்பைக்கு எழுபது எண்பது கொட்டை வரும்மா. அதுல ஒண்ணு. வாங்கறவன் அஞ்சு கோப்பையில ஒண்ணு இப்படி இருந்தா மொத்தச் சரக்கையும் வேண்டாம்னுடுவான். குடிக்கறவனுக்கு மத்த கோப்பை கிடைக்குமா இது கிடைக்குமான்னு யாருக்குத் தெரியும்? வறுத்துட்டா எல்லாம் ஒரே நிறம். அப்புறம் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. பிரிச்சா உங்க மேசையிலதான்."

அண்ணி அந்த மூன்றாவது கோப்பையை முழுங்கினாள். துப்பவில்லை. "இதைக் குடிக்கற ஆளு நம்மளைத்தான் திட்டுவான், இல்லே?" என்று கேட்டாள். சர்ருபுர்ரு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் பொறுக்கிய நல்ல கொட்டை எங்கோ கப்பலேறிப் போகும். பொறுக்கிப் போட்ட கழிவு இருக்கிறதே, கருப்பு, ஓட்டை, புளிப்பு, உடைசல் எல்லாம் கலந்தது, அதை வேலை செய்கிறவர்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அதுதான் காபி. இரும்புச் சட்டியில் கருகக் கருக வறுத்து, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிப்போம். கருக வறுத்தால் எல்லாக் குற்றமும் கசப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பகலெல்லாம் விரட்டி விரட்டிப் பிடித்ததை மறுநாள் காலையில் நாங்களே குடிப்போம். அதை நினைத்து அப்போது சிரித்திருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கும் முன்னால் ஒரு நாள், அண்ணி தள்ளிய தட்டில் நான் ஒரு மஞ்சளைப் பார்த்தேன். கைதவறி வந்திருக்கும் என்று எடுத்துப் போட்டேன். அடுத்த தட்டில் இரண்டு. அன்று சாயந்திரத்துக்குள் ஒன்பது. பூதக்கண்ணாடி கண்ணில் ஒன்று தப்பினாலே செய்தி.

அப்புறம்தான் கவனித்தேன். டியூப்லைட் போட்டால் முகத்தைச் சுளிக்கிறாள். தலையில் கட்டும் துணியைப் புருவம் வரை இழுத்துக் கட்டுகிறாள். முன்பு சந்தேகம் வந்த கொட்டையை மட்டும் கீறிப் பார்த்தவள், இப்போது பத்துக்கு நாலைக் கீறுகிறாள்; நகம் தேய்ந்து சதை தெரிந்தது. வீட்டில் அண்ணனின் வெள்ளைச் சட்டையை எடுத்து, "ஏன் இது மஞ்சளா கிடக்கு? யாரு துவைச்சது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். சட்டை வெள்ளைவெளேர் என்று இருந்தது. கண்புரை விழுந்த கண் உலகத்துக்கே மஞ்சள் பூசிவிடும் என்று எனக்குத் தெரியும். என் மாமனாருக்கு அப்படித்தான் இருந்தது. எல்லாமே மஞ்சளாகத் தெரிகிற கண்ணுக்கு மஞ்சள் கொட்டை எப்படித் தனியாகத் தெரியும்? கருப்பு தெரியும், கல் தெரியும். புளிப்பு மட்டும் தெரியாது. வேறு எந்த வேலையாக இருந்தாலும் இன்னும் நாலு வருஷம் ஒப்பேற்றியிருக்கலாம். இந்த வேலையில்தான் அந்த ஒரு நிறத்துக்குச் சம்பளம்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவள் தட்டைத் தள்ளியதும் என் பங்கைப் பார்க்கிற சாக்கில் அவள் பங்கையும் பார்த்தேன். கருப்பை ஒரு தடவை, ஓட்டையை ஒரு தடவை, புளிப்பை ஒரு தடவை. சந்தேகம் வந்ததைக் கீறி மோந்து பார்த்தேன். இரண்டு பேர் வேலையை ஒரு ஆள் பார்த்தால் எங்கள் மேசை மெதுவாகத்தானே போகும்? அதற்கும் அண்ணிக்குப் பெயர்தான் வந்தது. "பாரு, பூதக்கண்ணாடி எவ்வளவு நிதானமா பாக்குது" என்று சூப்பர்வைசர் மற்ற மேசைகளிடம் சொல்வார். என் கண் சாயந்திரமானால் மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த இரண்டு வருஷமும் நான் அதை முணுமுணுக்காமல்தான் செய்தேன். அவள் என் பையை வாங்கி உள்ளே வைத்தவள். வாய் திறந்து நன்றி சொல்ல எனக்குத் தெரியாது, இதுதான் தெரிந்தது.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் ஒரு தடவையாவது, "நீ பாக்கறது எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லவே இல்லை.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வாயைத் திறந்தேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா? கண்ணைக் காட்டிட்டு வந்துடலாம். இப்பல்லாம் அரை மணி நேர வேலைதான். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறாங்க."

"என் கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லே. சும்மா காட்டலாம்னு."

"சும்மா காட்டறதுக்கு என்ன பொருட்காட்சியா? லீவு போட்டா ஏன்னு கேப்பாங்க. கண்ணுன்னு சொன்னா அன்னையோட என் நாற்காலி போச்சு. உனக்குத் தெரியாதா?"

"சொல்லாம எத்தனை நாள் ஓட்டுவே? நீ சொல்லலேன்னா நான் அண்ணன்கிட்ட சொல்லுவேன்."

மடித்துக்கொண்டிருந்த துணியை அவள் கீழே போட்டாள். நிதானமாகத்தான் பேசினாள், கத்தவில்லை.

"கட்டினவன் வீட்டுல நாலு வருஷம் இருக்கத் துப்பில்லே. இங்க வந்து என் கண்ணைப் பத்தி பஞ்சாயத்து பண்ண வந்துட்டே. முதல்ல உன் வாழ்க்கையில நீ எதை ஒழுங்கா பாத்தே?"

ஆறு வருஷமாக ஒரு வார்த்தை கேட்காதவள், அத்தனை வருஷமும் இதை வாயிலேயே வைத்திருந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அன்று நான் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, அது என் சாபம்.

மறுநாள் திங்கட்கிழமை. பெரிய சரக்கு ஒன்று வந்திருந்தது, ஆலையிலேயே உயர்ந்த தரம். அதனாலேயே நாலாம் மேசைக்குக் கொடுத்தார்கள். அண்ணி தட்டைத் தள்ளினாள். நான் கருப்பு பார்த்தேன், ஓட்டை பார்த்தேன். தட்டின் நடுவில் ஒரு மஞ்சள் கொட்டை என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அது என் வேலை இல்லை. என் வேலை கருப்பும் ஓட்டையும்தான். ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பெட்டியில் கொட்டினேன்.

அன்று முழுக்க அப்படித்தான். கண்ணில் பட்டதை எண்ணினேன். பதினொன்று. கீறவில்லை, மோந்து பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டே கொட்டினேன். என் கண்ணில் படாமல் எத்தனை போயிற்றோ. பாவம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. "எதை ஒழுங்கா பாத்தே" என்பதும் கூடவே காதில் கேட்டது. அவளுடைய கண் எப்படி என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும், ஊரும் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை சர்ருபுர்ரு அறையிலிருந்து ஆள் வந்தது. நாலாம் மேசை இரண்டு பேரும் வர வேண்டும். போனோம். ஐந்து கோப்பை வரிசையாக இருந்தன. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சர்ருபுர்ரு முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டாவதும் அஞ்சாவதும்" என்றார். "மோந்து பாத்தாலே தெரியுது. இன்னொரு அஞ்சு கோப்பை வெச்சேன், அதுல ஒண்ணு. அப்புறம் பச்சைக் கொட்டையில சாம்பிள் எடுத்துப் பரப்பினேன். கருப்பு ஒண்ணுகூட இல்லே. ஓட்டை இல்லே. முழுப் புளிப்பு நாலு. உசந்த சரக்குல ஒண்ணு இருந்தாலே தரம் இறங்கிடும். நாலு!"

கருப்பு ஒன்றுகூட இல்லை என்றதும் எனக்கு உள்ளே ஒரு அற்பத் திருப்தி. என் பங்கு சுத்தம். யார் பங்கு அழுக்கு என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் சூப்பர்வைசர் அண்ணியைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். பத்தொன்பது வருஷம் தப்பாத கண் தப்பியிருக்கும் என்று அவர் மூளை ஏற்கவில்லை. "கை மாத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டார். "பூதக்கண்ணாடி பாத்திருந்தா இப்படி வராதே. திங்கக்கிழமை யாரு புளிப்பு பாத்தது?"

அண்ணி விரிப்பைத் தடவுகிற மாதிரி சேலை நுனியைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவதான் பாத்தா."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. சர்ருபுர்ரு என் பக்கம் திரும்பினார்.

"நீயாம்மா பாத்தே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒரு தட்டு கொட்டையை அவள் முன்னால் கொட்டுங்கள், பத்துப் புளிப்பைக் கலந்து வையுங்கள், தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? உனக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பார்கள். இரண்டு வருஷமாக என்று சொல்ல வேண்டும். அப்படியானால் இரண்டு வருஷம் இல்லாத புளிப்பு இந்தத் திங்கட்கிழமை மட்டும் எப்படி வந்தது? மூன்றாவது கேள்வியில் நான் மாட்டிக்கொள்வேன். பார்த்தும் விட்டவளை எந்த ஆலை வைத்துக்கொள்ளும்?

நான் வாயைத் திறக்கவில்லை. அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் அப்படிச் சத்தம் போடுகிற ஆள்கூட இல்லை. "நாளையிலேருந்து வர வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். மொத்தச் சரக்கையும் மறுபடி பொறுக்க வேண்டும் என்று பன்னிரண்டு மேசைக்கும் சொல்லிவிட்டார்கள். என்னால்தான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. கூடத்தைக் கடந்து வெளியே வந்தபோது ஒருத்தியும் தலை தூக்கவில்லை. கண் சரியில்லாதவள் என்று பெயர் வாங்கிவிட்டால் பக்கத்து ஆலை வாசலில்கூட நிற்க முடியாது. என் இரண்டு கண்ணும் கழுகுக் கண்ணாக இருக்கும்போதே அந்தப் பெயர் எனக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தோம், பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். எனக்கு இருந்த ஒரே ஆறுதல் நாள்கணக்கு. நான் இல்லாமல் அவள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு நாள். பக்கத்து மேசைக்காரி வீட்டுக்கே வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். என் நாற்காலியில் புதிதாக ஒருத்தியை உட்கார வைத்தார்களாம். இரண்டு சரக்கு தொடர்ந்து புளித்ததாம். சர்ருபுர்ரு ஒரு தட்டில் நூறு நல்ல கொட்டையும் பத்துப் புளிப்பும் கலந்து கொண்டுவந்து அண்ணி முன்னால் வைத்தாராம்.

"கூடமே எந்திரிச்சு நின்னு பாத்துச்சு" என்றாள். "ஒவ்வொண்ணா கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பாத்துச்சு. கீறிக் கீறி மோந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு மூணு எடுத்து வெச்சுச்சு. அதுல ஒண்ணு நல்ல கொட்டை. சர்ருபுர்ரு தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. பூதக்கண்ணாடியும் தானா தலைத்துணியை அவுத்து மடிச்சு வெச்சுட்டு வெளியே போயிடுச்சு."

இதைக் கேட்க ஆசைப்பட்டுத்தானே ஆறு நாள் எண்ணினேன்? கேட்டதும் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன். என்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது. கூப்பிடவில்லை. அதற்குள் நிறம் பார்க்கிற மெஷின் ஒன்று வந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டு மேசை நாலாகிவிட்டது. நாலாம் மேசையை ஜன்னலிலிருந்து நகர்த்தி அங்கே மெஷினை வைத்திருக்கிறார்களாம். மெஷினுக்கு ஜன்னல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அண்ணன் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். முதலில் வலது கண். ஒரு மாதம் கழித்து இடது. நான் சொன்ன மாதிரியே அரை மணி நேரம்தான் ஆயிற்று. கட்டு பிரித்த அன்று அண்ணனின் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அது இவ்வளவு வெள்ளையா என்று யாரிடமும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு காலையில் நான் சமையலறைக்குள் போனபோது அவள் ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் கழிவு பாக்கெட்டை முறத்தில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பழைய வேகம். விரல் கொட்டையைத் தொடுவதுகூடத் தெரியவில்லை. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் ஓட்டை, ஒரு பக்கம் மஞ்சள். நல்லதாகத் தேறியது ஒரு கைப்பிடி உடைசல்தான். அதை எடுத்துச் சட்டியில் போட்டு, கருக விடாமல் பதமாக வறுத்தாள். அரைத்தாள். இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினாள், தட்டைத் தள்ளுகிற மாதிரியே.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அன்னைக்கு எத்தனை விட்டே?"

"பதினொண்ணு" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுதானே போச்சு, காது இருந்ததே. நான் தட்டைத் தள்ளினதும் நீ கீறுவே, மோந்து பாப்பே. மூச்சு இழுக்கற சத்தம் கேக்கும். ரெண்டு வருஷமா அதைக் கேட்டுக்கிட்டுத்தான் நான் அடுத்த தட்டை எடுப்பேன். அன்னைக்குக் காலையிலேருந்து ஒரு மூச்சு கேக்கலே."

"தெரிஞ்சும் ஏன் தள்ளினே?"

"நிறுத்தினா எனக்குக் கண் தெரியலேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

மூன்று மாதமாக மென்று முழுங்கியதெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "அதுக்காகப் பொய் சொல்லுவியா? அவங்க முன்னாடி, அவதான் பாத்தான்னு, என் தலையில கல்லைத் தூக்கிப் போடுவியா?"

அண்ணி என்னை நேராகப் பார்த்தாள். தெளிவான கண். அந்தக் கண்ணுக்கு நான் என்ன நிறமாகத் தெரிந்தேனோ.

"என்ன பொய்? யாரு புளிப்பு பாத்ததுன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷமா யாரு பாத்தா?"

நான் ஆசைப்பட்டு ஆசைப்பட்டுக் காத்திருந்த வார்த்தை அதுதான். அவள் அன்றைக்கே, அவர்கள் முன்னாடியே சொல்லிவிட்டிருக்கிறாள். டம்ளரை எடுத்துக் குடித்தேன். கருப்பு இல்லை, ஓட்டை இல்லை, புளிப்பு இல்லை. ஒரு குறை சொல்ல முடியவில்லை.